சிறுகதை: செவ்வாய்க்கிழமை வரிசை (குறை இருந்தால் சொல்லுங்கள்)

மேசைவிளக்கு | ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். இங்கே இரண்டு வருடமாக வாசகனாக மட்டும் இருந்தவன். முதன்முறையாக ஒரு கதை போடுகிறேன். முடிவு சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம். விவரங்களில் தப்பு இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

*செவ்வாய்க்கிழமை வரிசை*

கதிரேசனுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். யாரிடமும் சொல்லாமல் அவனே தனக்குப் போட்டுக்கொண்ட விதி அது. குரூப் 4 எழுதி, இளநிலை உதவியாளராகக் கோயம்புத்தூருக்கு வந்த முதல் வருடம் முழுக்க அந்த விதி அசையவில்லை. சனிக்கிழமை மாலை செந்திலும் இன்னொருவனும் அறைக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு குவார்ட்டர், பொதுவில் முட்டைப் பொடிமாஸ், கைப்பேசியில் ஏதாவது படம். ஞாயிறு மதியம் வரை தூக்கம். சுரண்டையிலிருந்து அம்மா கூப்பிடும்போது துணி துவைத்துக்கொண்டிருப்பான்.

தொல்லை ஞாயிறு இரவில்தான். படுத்தால் தூக்கம் வராது. திங்கட்கிழமைத் தபால்கள் கண்ணுக்குள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு ஞாயிறு, செந்தில் பாதியில் வைத்துவிட்டுப் போன பாட்டில் ஜன்னல் திட்டில் இருந்தது. வீணாக்குவானேன் என்று குடித்தான். படுத்ததும் தூங்கி, காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தான். ஞாயிறும் வார இறுதிதானே என்று அன்று தோன்றியது.

அப்புறம் வெள்ளி. வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு மேல் அலுவலகத்தில் யாருக்கு வெள்ளிக்கிழமை? தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு புதன்கிழமை கிளம்பிப் போனார்கள். மூன்று வாரம் உயிரை எடுத்தார்கள், அதற்காக அந்தப் புதன். வியாழனுக்குக் காரணம் எதுவும் தேடவில்லை.

செந்தில் கல்யாணமாகிப் போய்விட்டான். கூட இருந்தவன் மில்லில் இரவு ஷிப்டு. எட்டரைக்குக் கூப்பிடும் அம்மாவிடம், “வேலை ஜாஸ்தியா இருக்கும்மா, ஏழு மணிக்கே பேசிருதேன்” என்று சொல்லியிருந்தான். அம்மாவும் நல்லது என்றுதான் சொன்னாள்.

செப்டம்பர் 21, சனிக்கிழமை. பையிலிருந்த காலி பாட்டில்களையெல்லாம் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பாட்டிலுக்குப் பத்து ரூபாய். அன்று ஒன்று. ஞாயிறு ஒன்று. திங்கள், செவ்வாய் இல்லை, அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. புதன் ஒன்று, வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று. சனி இரண்டு, மழை பெய்தது. ஞாயிறு ஒன்று. திங்கள் ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை கண்காணிப்பாளர் தன்பதிவேட்டைப் பார்த்தார். “கதிரேசா, இது என்னப்பா, ஒரே நடப்பு எண்ணை ரெண்டு தபாலுக்குப் போட்டிருக்கே?” அவனுடைய கையெழுத்துதான். எப்போது எழுதினோம் என்று ஞாபகம் இல்லை. திருத்தக் குனிந்தபோது பேனா பிடித்த விரல்கள் ஆடின. மேசையில் ஊன்றி எழுதினான்.

மறுநாள் காந்தி ஜெயந்தி. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். வரிசை ரோடு வரை வந்திருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு பெரியவர், சிமெண்ட் சாக்கில் பாட்டில் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் தன்னுடைய துணிப்பையும் சத்தம் போடுவதைக் கதிரேசன் அப்போதுதான் கவனித்தான்.

கவுன்ட்டரில் எண்ணினார்கள். “பதினொண்ணு. நூத்திப்பத்து ரூவா.”

“ரெண்டு குவார்ட்டர்.”

“நாளைக்குக் கடை கெடையாதுங்க. ரெண்டு போதுமா?”

‘நான் சனிக்கிழமை மட்டும்தாங்க’ என்று நாக்கு நுனி வரை வந்தது. நாளைக்குப் புதன். சனிக்கிழமை மட்டும் குடிக்கிறவனுக்குப் புதன்கிழமை கடை மூடினால் என்ன?

கம்பிக்குள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பின்னால் நின்றவர் முதுகில் தட்டினார். கதிரேசன் நகர்ந்தான்.

---

பாலக்காட்டுக் கணவாய் | திங்கள், காலை 8.05

தம்பி, கதை நல்லா இருக்குங்க. நம்ம ஊரு ஆளுன்னு நினைக்கிறேன். காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கொடுக்கும் திட்டத்தை வைத்து யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்கிறவன் தன் கணக்கைத் தானே சுமந்துகொண்டு போய் நாலு பேர் முன்னால் எண்ண விட வேண்டியிருக்கிறது. அதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

ஒரு குறை. “கதிரேசன் நகர்ந்தான்” என்றால் எந்தப் பக்கம்? பாட்டிலை வாங்கிக்கொண்டா, வாங்காமலா? இப்படித் தொங்கவிடுவது சிறுகதைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒரு வித்தை. எனக்குப் பிடிப்பதில்லை.

---

ராஜபாளையத்தான் | திங்கள், காலை 9.30

முடிவை விடுங்கள். இதில் பிரச்சினை எங்கே இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. ராத்திரி ஒரு குவார்ட்டர், பத்து மணிக்கு ஆபீஸ். அதற்குள் எல்லாம் இறங்கிவிடும். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் இப்படித்தான், வேலையில் ஒரு குறை கிடையாது. பையன் யாரையும் அடித்தானா, கடன் வாங்கினானா, ரோட்டில் விழுந்தானா?

இன்னொன்றும் சொல்கிறேன். இவனைப் போல வாரத்தில் ஐந்தாறு நாள் குடிக்கிறவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். எங்கள் தெருவிலேயே ஒருத்தர் அப்படிப் போனார். அதனால் நாலு பேர் சொல்வதைக் கேட்டு அன்றைக்கே நிறுத்துவதும் ஆபத்து. மெதுவாகக் குறைப்பதுதான் வழி.

---

கலா மதுரை | திங்கள், காலை 11.15

தம்பி, மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்த வயதில் இதை வெளியே சொல்ல ஒரு தைரியம் வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டீர்களா? அம்மாவிடம் மறைக்காதீர்கள்.

என் வீட்டுக்காரரும் இப்படித்தான் ஆரம்பித்தார். முதலில் மாசச் சம்பளத்தன்று மட்டும். எனக்கு முதலில் தெரிந்தது நாற்றத்தில் இல்லை. வெளியூர் வேலையில் இருந்தபோது தினம் ஒன்பது மணிக்குப் பேசுகிறவர் ஆறரைக்கே பேசிவிட்டுப் போனை அணைத்து வைக்க ஆரம்பித்தார். உங்கள் கதையில் அந்த இடத்தைப் படித்ததும் கை நின்றுவிட்டது.

எங்களுக்கு உதவியது ஒரு மாத்திரை. குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடித்துப் போடலாம். அப்புறம் குடித்தால் வாந்தி எடுத்து, தானாகவே வெறுத்துவிடும். பெயர் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், அம்மாவிடம் சொல்லிப் போடச் சொல்லலாம்.

---

மேசைவிளக்கு | திங்கள், பகல் 1.20

கலா அக்கா, அக்கறைக்கு நன்றி. இது கதை அக்கா, நான் இல்லை :)

கணவாய் சார், முடிவில் அவன் வாங்கியதாக ஒரு வரியும் வாங்காததாக ஒரு வரியும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாகத் தெரிந்தது. அதனால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

---

செவ்வந்தி | திங்கள், இரவு 9.50

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியர், குடிநோய் வார்டில் மட்டும் ஒன்பது வருடம். கதையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கலா அக்காவுக்கு.

அக்கா, கோபிக்காதீர்கள், அந்த மாத்திரையைத் தெரியாமல் போடச் சொல்லாதீர்கள். டைசல்பிராம் என்று நினைக்கிறேன். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வெறும் வாந்தியோடு நிற்காது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி வருகிறவர்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். இதயக் கோளாறு இருந்தால் உயிருக்கே ஆபத்து. இருதயமும் கல்லீரலும் பார்த்துவிட்டு, “இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் இப்படி ஆகும்” என்று அவரிடமே சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் டாக்டர்கள் எழுதுவார்கள். உங்களுக்குப் பலித்தது அதிர்ஷ்டம்.

இனி கதை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை நீங்கள் பிடித்ததுதான் இதில் ஆகச் சரியான இடம். வார்டுக்கு வருகிறவர்களிடம் “எப்போது தினசரி ஆனது?” என்று கேட்டால் கவலை, காதல், கடன் என்று சொல்வார்கள். கொஞ்சம் பேச விட்டால் பாதிப் பேர் தூக்கத்தில் வந்து நிற்பார்கள். ஆனால் அதே இடத்தில் ஒரு தப்பும் இருக்கிறது. ஞாயிறு குடித்துவிட்டுக் காலை ஏழு மணி வரை தூங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஒன்றிரண்டு தடவை நடக்கலாம். அது வழக்கமாகிவிட்டால் அப்படித் தூங்க முடியாது. சாராயம் ஆளைச் சீக்கிரம் சாய்க்கும், நாலைந்து மணி நேரம் கழித்து இறங்கும்போது மூளை அதற்கு எதிர்ப்பக்கம் துள்ளும். இரண்டரை, மூன்று மணிக்கு விழிப்பு வரும். வாய் உலர்ந்திருக்கும், நெஞ்சு அடிக்கும், காரணமில்லாமல் ஒரு பயம். மறுபடி தூங்கினாலும் மேலோட்டமான தூக்கம்தான்.

இப்போது திருப்பிப் பாருங்கள். சனி ராத்திரி அந்த மாதிரித் தூக்கம். ஞாயிறு மதியம் வரை படுத்துக் கிடந்து அதை ஈடுகட்டுகிறான். மதியம் எழுந்தவனுக்கு ராத்திரி பத்து மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? தபால் பயம் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மருந்து என்று ஞாயிறு குடிக்கிறான், திங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு முழிக்கிறான். புதன் வரும்போது பையன் மூன்று நாள் தூக்கம் கெட்டவன். தணிக்கைக்காரர்கள் போனது ஒரு சாக்கு. கதையில் அந்த மூன்று மணி விழிப்பு ஒரு வரியாவது இருந்தால், வியாழனுக்கு ஏன் காரணம் தேடவில்லை என்பது வாசிப்பவருக்கே புரிந்துவிடும்.

இரண்டாவது, கை நடுக்கம். அது இந்தக் கட்டத்துக்கு ஒட்டவில்லை. தொடர்ந்து நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, ஆறு எட்டு மணி நேரம் கிடைக்காமல் போகும்போது நடுங்கும். போன வாரம் இரண்டு நாள் சும்மா இருந்தபோது கதிரேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவனுக்கு விரல் ஆடினால் தூக்கமின்மை, வெறும் வயிறு, மேலதிகாரி முன்னால் பயம் என்றுதான் நான் நினைப்பேன். சினிமாவில் குடிகாரனுக்குக் கை நடுங்கும், அதனால் எல்லாரும் அதை எழுதுகிறார்கள். ஒரே எண்ணை இரண்டு தபாலுக்குப் போட்டது அதைவிட நிஜமாக இருக்கிறது. அது போதும்.

---

ராஜபாளையத்தான் | திங்கள், இரவு 10.25

அப்படியானால் நான் சொன்னது சரிதானே மேடம்? அவன் இன்னும் குடிகாரன் இல்லை. காலைக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு டம்ளர் மோர், ஒரு கட்டங்காப்பி, பச்சைத் தண்ணீரில் குளியல், முடிந்தது.

---

செவ்வந்தி | திங்கள், இரவு 11.05

சார், பாதி சரி. கணக்காகப் பார்ப்போமா?

குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் 61 கிராம். கதிரேசனை 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஏழு கிராம் எரிக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ஒரு குவார்ட்டர் முழுக்கப் போவதற்குக் காலை ஆறு ஆகிவிடும். பத்து மணி ஆபீசுக்கு ரத்தத்தில் இருக்காது. அதுவரை நீங்கள் சொன்னது சரி.

ஆனால் இரண்டாவது சனிக்கிழமை மழைக்கு இரண்டு ஆனது போல, ஒரு புதன்கிழமை ஒன்று ஒன்றரை ஆகும். ஒன்றரை என்றால் 91 கிராம். அதே ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் காலை பத்து மணி வரை உடம்பில் இருக்கும். எட்டரைக்குக் குளித்து, விபூதி பூசி, பைக்கை எடுக்கும்போது வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவை, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமை, ஒட்டித்தான் நிற்பான். போலீஸ் ஊதச் சொன்னால் மாட்டலாம், தப்பிக்கலாம். அவன் மனதில் அவன் நேற்று குடித்தவன், இன்றைக்குக் குடிக்காதவன். மோர், காப்பி, பச்சைத் தண்ணீர் எதுவும் அந்த ஏழு கிராமை எட்டாக்காது. காப்பி குடித்தவன் விழித்திருப்பான், அவ்வளவுதான்.

வலிப்பைப் பற்றி. அது நிஜம், உங்கள் தெருக்காரர் கதையை நம்புகிறேன். பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் ஆள் தடுமாறி, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுகிற நிலையும் வரலாம். அப்படிப்பட்டவரை வீட்டில் கட்டிப்போட்டு நிறுத்தவைக்கக் கூடாது. வார்டில் ஐந்தாறு நாள் மாத்திரையும் பி1 விட்டமின் ஊசியும் கொடுத்து நிறுத்துவோம். ஆனால் கதிரேசனுக்கு அந்த ஆபத்து இப்போது மிகக் குறைவு. இரண்டு நாள் விடும்போது வேர்க்காமல், கை ஆடாமல், வாந்தி வராமல் இருக்கிறான். அவன் இன்றைக்கே நிறுத்தலாம். “நிறுத்தினால் வலிப்பு வரும்” என்பது இந்தக் கட்டத்தில் குடிப்பதற்கு ஒரு நல்ல காரணமாகத்தான் ஆகும்.

குடிகாரனா இல்லையா என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. அவனுடைய விதி ஒரு வருடத்தில் எத்தனை தடவை மாறியது என்று பாருங்கள்.

---

ராஜபாளையத்தான் | திங்கள், இரவு 11.20

காப்பி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மற்றது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வாரத்துக்கு நாலு குவார்ட்டரை ஒரு வியாதி என்று சொன்னால் நாட்டில் பாதி ஆண்கள் வார்டில்தான் இருக்க வேண்டும்.

---

பாலக்காட்டுக் கணவாய் | செவ்வாய், காலை 7.40

நாலு இல்லைங்க, கதையை மறுபடி படியுங்கள். பத்து நாளைக்கு நாலு அல்ல.

செவ்வந்தி அம்மா சொன்னதற்கு அப்புறம் கதையை இன்னொரு தடவை படித்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். முடிவு தொங்கவில்லை. அவன் வாங்கினானா இல்லையா என்பது விஷயமே இல்லை, மூடுகிற நாளுக்கு முன்கூட்டியே வரிசையில் நின்றுவிட்டான். வருடத்தில் எட்டு நாள் கடை மூடுகிறார்கள், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நாள், காந்தி ஜெயந்தி என்று. வாரத்துக்கு ஒரு நாள் குடிக்கிறவனுக்கு அந்த எட்டு நாளும் ஞாபகம் இருக்காது. எனக்கு இன்றுவரை அந்தப் பட்டியல் முழுசாகத் தெரியாது. எங்கள் சித்தப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்.

ஆனால் “நாளைக்குக் கடை கெடையாதுங்க” என்று கவுன்ட்டரில் அவ்வளவு மரியாதையாக யாரும் பேச மாட்டார்கள். அன்றைக்கு இருக்கிற கூட்டத்தில் ‘எவ்வளவு’ என்பதற்கு மேல் வார்த்தை வராது. அதைப் பின்னால் நிற்கிறவர் வாயில் கொடுங்கள்.

---

கலா மதுரை | செவ்வாய், காலை 10.30

செவ்வந்தி மேடம், நேற்று ராத்திரி உங்கள் பதிலைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு தடவை வியர்த்துக் கொட்டி நாடி பிடிக்க முடியாமல் போனது. சாப்பாட்டில் ஏதோ சேரவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இப்போது குடிப்பதில்லை, ஏழு வருடம் ஆகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

---

செவ்வந்தி | செவ்வாய், பகல் 2.10

அக்கா, அதை நான் இங்கே முடிவு செய்ய முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள், அவருக்கு ஒரு இசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டரிடமாவது நடந்ததைச் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற தணிக்கையாளன் | செவ்வாய், மாலை 6.45

கதையில் நம்மவர்களை “உயிரை எடுத்தார்கள்” என்று எழுதியிருப்பதைப் பெருந்தன்மையோடு மன்னிக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன்.

முடிவு, மருத்துவம் எல்லாவற்றையும் பேசிவிட்டீர்கள். எனக்கு ஒரு கூட்டல்தான் இடிக்கிறது. செப்டம்பர் 21 அன்று பை காலி. அப்புறம் அவன் குடித்ததாகச் சொல்லியிருப்பது: சனி ஒன்று, ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று, வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று. மொத்தம் ஒன்பது. கடையில் எண்ணியது பதினொன்று. தனியாகக் குடிக்கிறவன், விருந்தாளி கிடையாது, அறைத்தோழன் குடித்ததாகவும் கதையில் இல்லை. அந்த இரண்டு பாட்டில் எங்கிருந்து வந்தது?

நாள் கணக்கு சரி, அக்டோபர் 2 புதன்கிழமை வந்தது 2024இல், செப்டம்பர் 21 சனிதான், பார்த்துவிட்டேன். ஆக ஆசிரியர் தேதியில் கவனமாக இருந்திருக்கிறார், கூட்டலில் விட்டுவிட்டார். ஒன்பது, தொண்ணூறு ரூபாய் என்று திருத்திவிடுங்கள். அல்லது வேண்டுமென்றே வைத்ததா?

---

பாலக்காட்டுக் கணவாய் | செவ்வாய், இரவு 7.30

அடேங்கப்பா. நான் மூன்று தடவை படித்தும் எண்ணவில்லை. சார், திங்கள் செவ்வாய் “இல்லை” என்று எழுதி, அதில் பெருமை வேறு என்று போட்டிருக்கிறார் பாருங்கள். அந்த இரண்டு பாட்டிலும் அந்த இரண்டு நாளுடையது. வாசகன் கண்டுபிடிக்கட்டும் என்று வைத்திருக்கிறார். கில்லாடி.

---

செவ்வந்தி | செவ்வாய், இரவு 10.15

வேண்டுமென்றே வைத்திருந்தால் பெரிய எழுத்து. வார்டில் நாங்கள் பின்னோக்கிக் கணக்கு எடுப்போம். காலண்டரை முன்னால் வைத்து, நேற்று என்ன, முந்தாநாள் என்ன என்று ஒவ்வொரு நாளாகக் கேட்பது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் வருவதில்லை, ஆனாலும் முதல் தடவை சொல்லும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். கல்யாணம், சம்பளம், கிரிக்கெட் என்று அடையாளம் உள்ள நாள் ஞாபகம் வரும். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமை ஞாபகம் வராது. வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தால் “அன்றைக்கும்தான்” என்பார்கள்.

அப்படியானால் கை நடுக்கத்தைப் பற்றி நான் சொன்னதையும் திரும்ப யோசிக்க வேண்டும். இரண்டு நாள் இடைவெளி இருந்தது என்று நம்பித்தான் அது ஒட்டவில்லை என்றேன். பத்து நாளும் தொடர்ச்சி, அதில் விடியற்காலை விழிப்பும் சேர்ந்தால்... நடுக்கத்தை எடுக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மாலையில் ஒன்று உள்ளே போனதும் அந்த நடுக்கம் நிற்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. கதையில் அது இல்லை. மேசைவிளக்கு, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

ராஜபாளையத்தான் | செவ்வாய், இரவு 10.40

ஒரு கூட்டல் பிழைக்கு இவ்வளவா? திருத்திவிட்டுப் போங்கள் தம்பி.

---

மேசைவிளக்கு | புதன், அதிகாலை 3.12

எல்லாருக்கும் நன்றி. கணவாய் சார், அந்த வசனத்தைப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர்தான் சொன்னார்.

தணிக்கையாளர் ஐயா, வேண்டுமென்றே வைத்தது இல்லை. நான் அவ்வளவு பெரிய எழுத்தாளன் இல்லை. உங்கள் பதிலைப் பார்த்த பிறகு எழுந்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், ஒன்பதுதான் வருகிறது. ஆனால் அதைத் திருத்த முடியாது ஐயா. பதினொன்று என்பது கடையில் எண்ணியது. நாட்களைத்தான் நான் ஞாபகத்திலிருந்து எழுதினேன்.

செவ்வந்தி அக்கா, நிற்கிறது.

---

செவ்வந்தி | புதன், அதிகாலை 5.30

தம்பி, இப்போதுதான் பார்த்தேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அது வரைக்கும் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி மனநல ஓபி காலையில் இருக்கும், எட்டு மணிக்குச் சீட்டுப் போட்டால் பத்துக்குள் பார்த்துவிடலாம். பைக் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கடைசியாக எப்போது, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

---

ஓய்வுபெற்ற தணிக்கையாளன் | புதன், காலை 6.20

திருத்த வேண்டாம் தம்பி. பதினொன்றாகவே இருக்கட்டும். நான் கோவையில்தான் இருக்கிறேன், காலையில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. ஓபியில் சீட்டுப் போட வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள்.